அமெரிக்காவுக்குத் தீபாவளிப் பலகாரப் பெட்டி: முறுக்கு நொறுங்காமல், வரி விழாமல் அனுப்ப முடியுமா?

தஞ்சாவூர் வாசகி, 18 செப்டம்பர் 2025, காலை 10.12

நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தீபாவளிப் பெட்டி அனுப்ப வேண்டும். பண்டிகை அக்டோபர் 20. உள்ளே வைக்க நினைப்பவை: தேன்குழல் ஒன்றரைக் கிலோ, மிக்சர் அரைக் கிலோ, அதிரசம் ஒரு கிலோ, நெய் மைசூர்பாகு அரைக் கிலோ, தீபாவளி லேகியம் கால் கிலோ, ஒரு பட்டுச் சேலை. பலகாரம் எல்லாம் வீட்டில் செய்வது. பொருள் செலவு 2,800 ரூபாய், சேலை 6,500 ரூபாய்.

ஏஜென்ட் கிலோவுக்கு 750 ரூபாய் சொன்னார். மொத்தம் ஐந்தேகால் கிலோ வரும், நாலாயிரத்துக்குள் முடியும் என்று நினைத்தேன். பெட்டியை அளந்து பார்த்துவிட்டு "ஒன்பதரைக் கிலோ, 7,125 ரூபாய்" என்கிறார். தராசு ஐந்தேகால்தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறாரா?

அட்டைப்பெட்டி, 18 செப்டம்பர், மதியம் 1.40

ஏமாற்றவில்லை அம்மா. பெட்டியின் அளவு 45, 35, 30 சென்டிமீட்டரா? மூன்றையும் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் 9.45. அரைக் கிலோவாக மேலே ஏற்றினால் 9.5. விமானத்தில் எடையும் இடமும் இரண்டும் காசு. எது அதிகமோ அதற்குக் கட்டணம். கூரியர்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் போடுவார்கள்.

தேன்குழல்தான் இடத்தைத் தின்கிறது. அதற்குள் பாதிக்கு மேல் காற்று. 36, 28, 24 அளவில் ஒரு பெட்டி வாங்குங்கள். அது 4.84, ஐந்து கிலோவுக்குள் வந்துவிடும். அப்போது உண்மையான எடைக்குத்தான் கட்டணம் விழும். சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை விட மறக்காதீர்கள், இல்லையென்றால் முறுக்கு தூளாகிவிடும்.

தஞ்சாவூர் வாசகி, 18 செப்டம்பர், மதியம் 2.05

ஆமாம், 45, 35, 30 தான். தூளாவது பற்றியும் கேட்க இருந்தேன். போன வருடம் போன பெட்டியில் தேன்குழல் பாதிக்கு மேல் பொடியாகித்தான் போய்ச் சேர்ந்தது.

கணக்கர், 18 செப்டம்பர், மாலை 6.30

எடைக்கு முன்னால் வரியைப் பாருங்கள். ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கு போய்விட்டது. இனி நூறு ரூபாய்க்கு முறுக்கு அனுப்பினாலும் ஐம்பது ரூபாய் வரி. நம் அஞ்சல்துறையே ஆகஸ்ட் 25 இல் பார்சல் எடுப்பதை நிறுத்தியது, மாதக் கடைசியில் கடிதம், பரிசு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. இந்த வருடம் பணமாக அனுப்பிவிடுவதே நல்லது.

கொள்ளிடக்கரை, 18 செப்டம்பர், இரவு 9.15

கணக்கர் சொன்னதில் முதல் பாதி சரி, முடிவு தவறு. 800 டாலர் விலக்கு வேறு, பரிசு விலக்கு வேறு. ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு அனுப்பும் உண்மையான பரிசுக்கு 100 டாலர் வரை விலக்கு இன்னும் இருக்கிறது. அது பழைய சட்டம், இப்போது கை வைக்கவில்லை. அஞ்சல் நின்றதற்குக் காரணம் வேறு. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் அஞ்சல் பைகளை ஏற்ற மறுத்தன.

ஆனால் அந்த விலக்கில் மூன்று பொறிகள் இருக்கின்றன. வாசகி அம்மாவின் பெட்டி மூன்றிலும் விழப் பார்க்கிறது.

முதலாவது கூட்டுத்தொகை. பலகாரம் 2,800, சேலை 6,500, மொத்தம் 9,300 ரூபாய். இன்றைக்கு டாலர் 88 ரூபாய் அளவில் இருக்கிறது. பலகாரம் 32 டாலர், சேலை 74 டாலர், கூட்டினால் 106. ஆறு டாலர்தானே கூட, அந்த ஆறுக்கு மட்டும் வரி கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது. நூறைத் தாண்டினால் முழு 106 க்கும் வரி. இப்போது இந்தியப் பொருளுக்கு இருக்கும் விகிதத்தில் ஐம்பது டாலருக்கு மேல் போகும். அதன் மேல் கூரியர்காரர் தம் கட்டணத்தையும் சேர்த்து மகளிடம் கேட்பார்.

இரண்டாவது நாள் கணக்கு. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வந்து சேருபவை எல்லாம் சேர்த்துத்தான் நூறு. இரண்டு பெட்டியாகப் பிரித்து இரண்டும் மகள் பெயருக்கே ஒரே விமானத்தில் போனால் பிரித்ததற்குப் பயன் இல்லை.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது: அனுப்புநர் யார். இனிப்புக்கடையில் பணம் கட்டிவிட்டு "நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்றால் கடை அனுப்பியதாகிவிடும், பரிசு இல்லை. சில ஏஜென்ட்கள் பத்துப் பேர் பெட்டிகளைச் சேர்த்துத் தங்கள் நிறுவனத்தின் பெயரில் அனுப்புவார்கள், அங்கும் அதே கதை. விமான ரசீதில் அனுப்புநர் கட்டத்தில் உங்கள் பெயரும் உங்கள் முகவரியும் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

தஞ்சாவூர் வாசகி, 19 செப்டம்பர், காலை 7.50

ரசீது வாங்கிப் பார்த்தேன். அனுப்புநர் இடத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர், சென்னை முகவரி. என் பெயர் கீழே "குறிப்பு" என்ற இடத்தில் இருக்கிறது. மாற்றித் தரச் சொன்னால் "எல்லோருக்கும் இப்படித்தான் போகிறது" என்கிறார்.

கொள்ளிடக்கரை, 19 செப்டம்பர், காலை 8.20

எல்லோருக்கும் அப்படித்தான் போனது, 800 டாலர் விலக்கு இருந்த வரைக்கும். அப்போது யார் அனுப்பினாலும் ஒன்றுதான். இப்போது வேறுபாடு பணமாக விழும். வேறு ஏஜென்ட் பாருங்கள், அல்லது கூரியர் நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கே போங்கள். ஆதார் நகல் கேட்பார்கள், கொடுங்கள். உங்கள் அடையாளத்தில் பதிவாவதுதான் நமக்கு வேண்டியது.

மெல்பர்ன் மருமகள், 19 செப்டம்பர், காலை 11.05

நெய் மைசூர்பாகு அனுப்பாதீர்கள் ஆன்ட்டி! பால் சேர்ந்த எதுவும் உள்ளே வராது. என் மாமியார் அனுப்பிய பால்கோவா, குலாப் ஜாமூன் எல்லாவற்றையும் எடுத்து அழித்துவிட்டு ஒரு தாளை மட்டும் வைத்து அனுப்பினார்கள். கூடவே வைத்திருந்த காய்ந்த மிளகாய், தனியா, கடலையும் போயிற்று.

கொள்ளிடக்கரை, 19 செப்டம்பர், மதியம் 12.30

அது ஆஸ்திரேலியா, அம்மா கேட்பது அமெரிக்கா. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதுதான், ஏனென்றால் இரண்டு நாடும் பயப்படுவது ஒன்றுக்கே. இந்தியாவில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் இருக்கிறது, அந்தக் கிருமி பாலில் தங்கும். ஆஸ்திரேலியாவில் அந்த நோய் இல்லாததால் பால் பொருளில் மிகவும் கறாராக இருக்கிறார்கள். மிளகாய், தனியா, கடலை போனது தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டுக்காக. 2020 இலிருந்து அந்த வண்டு தங்கக்கூடிய அரிசி, பருப்பு, விதை வகைகளை அஞ்சலில் அனுமதிப்பதில்லை.

அமெரிக்காவும் பாலுக்கும் பால் பொடிக்கும் தடை வைத்திருக்கிறது, ஆனால் வெண்ணெயையும் உருக்கிய நெய்யையும் அந்த விதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால் கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த மைசூர்பாகு போகும். பால்கோவா, கோவா சேர்ந்த பர்பி, பால் பொடி கலந்த லட்டு போடாதீர்கள். கப்ரா வண்டு பயம் அங்கேயும் உண்டு. சீரகச் சம்பா அரிசி ஒரு கிலோ உள்ளே செருகலாமே என்று தோன்றினால் வேண்டாம். வீட்டுப் பார்சலில் நம் நாட்டு அரிசிக்கு அங்கே தடை. அரைத்துப் பொரித்த முறுக்குக்கு அந்தத் தடை இல்லை.

மிக்சரில் கறிவேப்பிலை போடாதீர்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தடை இருக்கிறது. பொரித்ததா பச்சையா என்று பெட்டியைப் பிரிப்பவர் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்.

மெல்பர்ன் மருமகள், 19 செப்டம்பர், மதியம் 12.48

அப்படியானால் எங்களுக்கு நெய் மைசூர்பாகே கிடையாதா? எண்ணெயில் செய்தால்?

கொள்ளிடக்கரை, 19 செப்டம்பர், மதியம் 1.10

எண்ணெயில் செய்தால் பால் கேள்வி எழாது. ஆனால் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வீட்டில் செய்ததற்கு லேபிள் கிடையாது, நம்ப வைக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. முறுக்கு, தட்டை, அதிரசத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கணக்கர், 19 செப்டம்பர், மாலை 4.00

பரிசு விலக்கு பற்றி நான் சொன்னது தவறு, திருத்தியதற்கு நன்றி. ஆனால் இன்னொன்று உண்டு. உணவு எது அனுப்பினாலும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்புக் கொடுத்து எண் வாங்க வேண்டும். ஏஜென்ட் அதற்கென்று தனியாக ஒரு தொகை கேட்பார். அது இல்லாமல் போனால் பெட்டியை நிறுத்திவிடுவார்கள்.

கொள்ளிடக்கரை, 19 செப்டம்பர், மாலை 5.25

இதிலும் ஒரு பாதிதான். வீட்டில் தாமே செய்த உணவைத் தாமே இன்னொருவருக்குப் பரிசாக அனுப்பினால் முன்னறிவிப்பு வேண்டியதில்லை, விதியிலேயே விலக்கு இருக்கிறது. கடையில் வாங்கி நீங்களே அனுப்பினால் விதிப்படி வேண்டும், ஆனால் வணிக நோக்கம் இல்லாத பார்சலில் அதற்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்பது அவர்கள் வழிகாட்டுதல். கடையே அனுப்பினால் கட்டாயம் வேண்டும். மூன்று நிலைக்கும் வேறுபாடு மறுபடியும் அனுப்புநர் யார் என்பதில்தான்.

வீட்டில் செய்தது என்பது உங்களுக்குத் தெரியும், ரசீதைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அதை எழுத வேண்டும். "முறுக்கு", "ஸ்நாக்ஸ்", "ஸ்வீட்ஸ்" என்று ஒரு சொல்லில் எழுதினால் அங்கே ஒன்றும் புரியாது, புரியாத பெட்டியைப் பிரிப்பார்கள். பிரித்த பெட்டியை நீங்கள் அடுக்கிய மாதிரி திரும்ப அடுக்க மாட்டார்கள். என்ன மாவு, எதில் செய்தது, எத்தனை கிராம், எத்தனை டாலர் என்று வரிக்கு ஒன்றாக இப்படிக் கொடுங்கள்:

```
UNSOLICITED GIFT - NOT FOR SALE
Homemade fried snack: rice flour, black gram flour, oil, salt - 1 kg - USD 8
Homemade sweet: chickpea flour, sugar, ghee - 500 g - USD 7
```

தொகையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். 74 டாலர் பட்டுச் சேலைக்கு 10 டாலர் என்று போட்டு, பெட்டியைப் பிரிக்கும்போது உள்ளே கடை விலைச்சீட்டு இருந்தால் பரிசு என்ற பேச்சையே நம்ப மாட்டார்கள்.

வெற்றிலைக்கொடி, 19 செப்டம்பர், இரவு 8.10

லேகியத்துக்கு என்ன எழுதுவது? எங்கள் பக்கம் ஒருவர் "ஆயுர்வேத மருந்து" என்று எழுதி, அது மருந்து வரிசையில் போய் மாட்டிக்கொண்டது.

கொள்ளிடக்கரை, 19 செப்டம்பர், இரவு 8.40

மருந்து என்று எழுதினால் மருந்துக்கான விதிகள் முழுதும் அதன் தலையில் விழும். அதில் உண்மையில் இருப்பது இஞ்சி, வெல்லம், நெய், ஓமம், மிளகு, திப்பிலி. அதை அப்படியே எழுதுங்கள். எதையும் மறைக்கவில்லை, என்ன இருக்கிறதோ அதையே சொல்கிறீர்கள். தேன் ஊற்றினால் தேனையும் எழுதுங்கள். நான் செய்வதாக இருந்தால் ஊற்ற மாட்டேன்.

வெற்றிலைக்கொடி, 19 செப்டம்பர், இரவு 9.02

ஆனால் சில ஏஜென்ட்கள் கூழ் மாதிரி இருந்தாலே எடுக்க மாட்டோம் என்கிறார்கள். ஊறுகாயும் லேகியமும் அவர்களுக்கு ஒன்றுதான்.

கொள்ளிடக்கரை, 19 செப்டம்பர், இரவு 9.20

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உருண்டை பிடிக்கிற பதத்துக்குக் கிளறி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

தறிக்காரர், 20 செப்டம்பர், காலை 9.30

அட்டைப்பெட்டி அண்ணா, உங்கள் கணக்கு உதைக்கிறது. 36, 28, 24 பெட்டியில் சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை விட்டால் உள்ளே மிஞ்சுவது 26, 18, 14. அது வெறும் ஆறரை லிட்டர். ஒன்றரைக் கிலோ தேன்குழலே அதில் அடங்காது. அதிரசமும் சேலையும் எங்கே போகும்?

அட்டைப்பெட்டி, 20 செப்டம்பர், காலை 11.15

உண்மைதான் தம்பி. அவசரத்தில் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டேன், சேர்த்துப் பார்க்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐந்து சென்டிமீட்டர் மெத்தை என்பது உள்ளே இருக்கும் பொருளே நொறுங்கக்கூடியதாக, பையிலோ மெல்லிய டப்பாவிலோ இருந்தால். பொருளைக் கெட்டியான ஜாடிக்குள் அசையாமல் அடக்கிவிட்டால் அடியை ஜாடி வாங்கிக்கொள்ளும், அப்போது இரண்டரை சென்டிமீட்டர் போதும். ஆக முதலில் மாற்ற வேண்டியது ஜாடி.

வட்ட ஜாடி வேண்டாம், நான்கு வட்டங்களுக்கு நடுவில் இடம் வீணாகும். சதுர பெட் பிளாஸ்டிக் ஜாடி, பக்கம் 12, உயரம் 18 சென்டிமீட்டர், வாய் அகலமானது. நான்கு வாங்குங்கள். பெட்டி 40, 30, 25. சுற்றிலும் இரண்டரை விட்டால் உள்ளே 35, 25, 20. இரண்டுக்கு இரண்டாக நான்கு ஜாடி வைத்தால் 24 க்கு 24 போகும், ஓரத்தில் 11 சென்டிமீட்டர் பட்டை ஒன்று மிஞ்சும். அதில் மைசூர்பாகு டின்னும் லேகியமும். கன அளவு 30,000, வகுத்தால் சரியாக ஆறு கிலோ. 4,500 ரூபாய். முதலில் சொன்ன 7,125 இலிருந்து 2,625 குறைகிறது, அதாவது கிட்டத்தட்ட நீங்கள் பலகாரத்துக்குச் செலவிட்ட தொகை அளவுக்கு.

பெட்டியின் வெளி அளவைத்தான் அவர்கள் அளப்பார்கள். நடுவில் வீங்கியிருந்தால் வீங்கிய இடத்தில் டேப் பிடிப்பார்கள். அதனால் மேலே அமுக்கி மூட வேண்டி வருகிற அளவுக்கு அடைக்காதீர்கள்.

சேலைக்கு இதில் இடம் இல்லை. கொள்ளிடக்கரை சொன்ன கணக்குப்படி அதைத் தனியாக அனுப்புவது எப்படியும் நல்லது. மாப்பிள்ளை பெயருக்கு ஒன்று, மகள் பெயருக்கு ஒன்று. சேலையைத் தட்டையான உறையில் அனுப்பினால் கன அளவு பெரிதாக வராது.

தஞ்சாவூர் வாசகி, 20 செப்டம்பர், மதியம் 12.00

ஒன்றரைக் கிலோ தேன்குழல் இந்த ஜாடியில் அடங்குமா?

அட்டைப்பெட்டி, 20 செப்டம்பர், மதியம் 12.40

அடங்காது. இரண்டு ஜாடியில் ஒரு கிலோ போகலாம், அதுவும் ஜாடிக்கு ஏற்ற அளவில் பிழிந்தால். பத்து சென்டிமீட்டருக்கு மேல் போகாத வட்டமாக, கரண்டியின் பின்புறத்தில் பிழிந்து எண்ணெயில் தள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் தோசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். மீதி அரைக் கிலோவுக்குத் தட்டை செய்யுங்கள். அது தேன்குழல் மாதிரி நொறுங்காது, இடமும் அடைக்காது.

காரைக்குடிக் கரண்டி, 20 செப்டம்பர், மாலை 3.30

பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். முறுக்கு நொறுங்குவது பாதி மாவிலேயே தீர்மானமாகிறது. வீட்டில் உடனே தின்கிற தேன்குழலுக்கு வெண்ணெய் தாராளமாகப் போடுவோம், வாயில் வைத்தால் கரையும். கரைகிற முறுக்கு கடல் தாண்டாது. நான்கு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு உளுந்து மாவு, அந்த ஐந்து பங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய்க்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி காய்ந்த எண்ணெய். கொஞ்சம் கடினமாக இருக்கும், ஆனால் முழுசாகப் போகும். கொள்ளிடக்கரை எழுதச் சொன்ன வரியில் வெண்ணெய் இல்லை என்பதற்கும் இது பொருந்தும்.

மாவு கெட்டியாக இருந்தால் பிழியும்போதே இழையில் விரிசல் விழும், அந்த விரிசலில்தான் பிறகு உடையும். பிழிந்த இழையைக் கையில் வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் சரி.

ஆற விடுவதில் அவசரம் வேண்டாம். தொட்டால் சூடு தெரியவில்லை என்றாலும் உள்ளே சூடு இருக்கும். குறைந்தது நான்கு மணி நேரம் விரித்து வையுங்கள். சூட்டோடு ஜாடியில் போட்டால் ஆவி மூடியில் நீராகி மேல் முறுக்கு நமுத்துப்போகும்.

அதிரசம் எதற்கும் அசையாது. பாகுப் பதமும் எண்ணெய் வடிப்பதும்தான் முக்கியம். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாக அமுக்கி வடித்து, ஒரு நாள் முழுக்கத் தாளில் வைத்துப் பிறகு அடுக்குங்கள். மைசூர்பாகு விஷயத்தில் நெய் மிதக்கிற வகை வேண்டாம். ஐப்பசி மழை நாளிலும் விமான நிலைய வெட்டவெளியில் காத்திருக்கும் பெட்டி சூடேறும். நெய் இளகி அட்டையில் ஊறினால் அட்டை வலுவிழக்கும். துளைதுளையாக, உறுதியாக வருகிற வகையைச் செய்து, டின்னில் பட்டர் பேப்பர் விரித்து வையுங்கள்.

தறிக்காரர், 20 செப்டம்பர், மாலை 5.10

முறுக்கை வாக்குவம் பேக் செய்தால் இடமும் மிச்சம், நமுக்கவும் செய்யாதே? எங்கள் ஊரில் ஒரு பாக்கெட்டுக்கு வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள்.

அட்டைப்பெட்டி, 20 செப்டம்பர், மாலை 6.00

முறுக்குக்கு வேண்டாம். காற்றை உறிஞ்சும்போது பை உள்ளே இறங்கி முறுக்கை நசுக்கும், மெஷினிலேயே உடைந்துவிடும். அதிரசத்துக்குச் செய்யலாம்.

பையில் காற்றை நிரப்பி ஊதிக் கட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விமானம் மேலே போனதும் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையும். பையில் அடைத்த காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். விறைப்பாக ஊதிய பை தையலில் விடும், அல்லது பக்கத்து ஜாடியைத் தள்ளும். ஊதிய பைக்குள் விரலை அழுத்தினால் உள்ளே இறங்க வேண்டும், அந்த அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். ஜாடிக்கு இந்தப் பயம் இல்லை.

ஜாடிக்குள் முறுக்கு ஆடக் கூடாது. அடியில் கசக்கிய பட்டர் பேப்பர், அடுக்குக்கு அடுக்கு ஒரு வட்டத் தாள், மேலே மூடி அழுத்தும் அளவுக்கு மறுபடியும் கசக்கிய தாள். ஜாடியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் இன்னும் தாள் வையுங்கள். பெட்டியையும் மூடியபின் குலுக்குங்கள், பிறகு முழங்கால் உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் படும்படி விடுங்கள். உங்கள் வீட்டுத் தரையிலேயே உடைந்தால் திரும்ப அடுக்கலாம்.

"இந்தப் பக்கம் மேலே" என்று அம்பு போட்டு, அதை நம்பிக் கனமானதைக் கீழே, லேசானதை மேலே வைப்பது பெரிய தவறு. கூரியர் கிடங்கில் கன்வேயர் பட்டையில் போகும் பெட்டி ஆறு பக்கமும் உருளும். மைசூர்பாகு டின்னுக்கும் ஜாடிக்கும் நடுவில் அட்டையை வெட்டிச் சுவர் வையுங்கள். குத்துவிளக்கு, வெள்ளிக் கிண்ணம் மாதிரி கனமான எதையும் இந்தப் பெட்டியில் சேர்க்காதீர்கள்.

அட்டை ஐந்து பிளையாக இருக்கட்டும். மூன்று பிளைப் பெட்டி பலகாரக் கடையில் கொடுப்பது, அது கையில் தூக்கிப் போக மட்டும்தான். புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் அட்டை நமுத்து மூலை மடங்கும். பெட்டிக்குள் பெரிய பாலித்தீன் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி முடிச்சுப் போடுங்கள். டேப் நடு இணைப்பில் மட்டும் போதாது, இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒட்டுங்கள்.

வெற்றிலைக்கொடி, 21 செப்டம்பர், காலை 7.40

சின்னதாகச் சூடமும் ஊதுவத்தியும் வைத்தால் பண்டிகை மாதிரி இருக்குமே.

கொள்ளிடக்கரை, 21 செப்டம்பர், காலை 8.05

சூடம் வேண்டாம். அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், விமானச் சரக்கில் அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது. தீப்பெட்டி, மத்தாப்பு, கம்பி மத்தாப்பு ஒன்றும் கூடாது. எக்ஸ்ரேயில் தெரிந்தால் அந்த ஒரு வில்லைக்காக முழுப் பெட்டியும் நிற்கும். மண் அகல் வைக்கலாம், ஆனால் அது உடையும், உடைந்த மண் பலகாரத்தில் கலக்கும்.

கணக்கர், 22 செப்டம்பர், மாலை 6.15

ஒரே பெட்டியில் இரண்டு பேர் பெயருக்கும் பரிசு வைத்து அனுப்பலாமா? இரண்டு பெட்டிக்கு இரண்டு கட்டணம் ஆகிறதே.

கொள்ளிடக்கரை, 22 செப்டம்பர், இரவு 7.30

விதியில் இடம் இருக்கிறது. ஒவ்வொருவருடைய பரிசும் தனித்தனியாகச் சுற்றப்பட்டு, அதன்மேல் அவரவர் பெயர் எழுதி, வெளியிலும் தாளிலும் அது சேர்த்து அனுப்பும் பரிசு என்று பெயர் வாரியாக, தொகை வாரியாக எழுதியிருந்தால் ஆளுக்கு நூறு டாலர் கணக்கு. ஆனால் நம் ஊர்க் கவுண்டரில் இருப்பவரின் கம்ப்யூட்டரில் பெறுநர் பெயருக்கு ஒரே கட்டம்தான். தாளில் எழுதியதை அவர் டைப் செய்யும் தகவலில் ஏற்ற வழி இருக்கிறதா என்பதில்தான் சிக்கல். எழுத்தில் உறுதி கொடுத்தால் செய்யுங்கள், "பார்த்துக்கலாம்" என்றால் இரண்டாகவே அனுப்புங்கள். இந்தப் பெட்டியில் சேலையைச் சேர்த்தால் கன அளவு கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அட்டைப்பெட்டி, 22 செப்டம்பர், இரவு 8.00

சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஜாடி உடைந்தால் எண்ணெய்க் கறை பட்டில் ஏறும்.

தஞ்சாவூர் வாசகி, 4 அக்டோபர், மாலை 4.45

நேற்று இரண்டாகப் போட்டேன். கூரியர் கிளையிலேயே, என் பெயரில். பலகாரப் பெட்டி மாப்பிள்ளைக்கு, சேலை மகளுக்கு. பெட்டி தராசில் 5.4 கிலோ, கன அளவில் 6. சேலை ஒரு கிலோவுக்குள். லேகியத்தை எடுக்க மறுத்துவிட்டார்கள், உருண்டை பிடித்தும்.

கணக்கர், 15 அக்டோபர், இரவு 9.00

அஞ்சல்துறை இன்று முதல் அமெரிக்காவுக்கு மறுபடியும் பார்சல் எடுக்கிறது. வரி விழும் பொருளுக்கு மதிப்பில் 50 சதவீதத்தைப் பதிவு செய்யும்போதே இங்கே கட்டிவிடலாம், வாங்குகிறவரிடம் கேட்க மாட்டார்கள். 100 டாலர் வரை பரிசுக்கு விலக்கு தொடர்கிறது. தீபாவளிக்கு ஐந்து நாள்தான் இருப்பதால் இந்த முறைக்கு உதவாது, பொங்கலுக்கு ஆகும்.

கொள்ளிடக்கரை, 15 அக்டோபர், இரவு 9.25

நல்ல செய்தி. அஞ்சலில் அனுப்புநர் கட்டத்தில் நாமே எழுதுவதால் ஏஜென்ட் பெயர் நுழைகிற பிரச்சினையும் இல்லை. வேகம் குறைவாகலாம், அதனால் தேங்காய் சேர்ந்த எதையும் அதில் அனுப்ப வேண்டாம்.

தஞ்சாவூர் வாசகி, 17 அக்டோபர், காலை 6.50

இரண்டும் சேர்ந்துவிட்டன. வரி கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்து மறுபடி டேப் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் ஜாடிகளைத் திறக்கவில்லை. தட்டையில் இரண்டு மட்டும் உடைந்திருந்தது. ஒரு ஜாடித் தேன்குழல் முழுசாக இருக்கிறது. இன்னொரு ஜாடியில் மேல் நான்கு அடுக்கு நொறுங்கிவிட்டது, கீழே இருந்தவை நன்றாக இருக்கின்றன. இரண்டையும் ஒரே மாதிரிதான் அடுக்கினேன். மைசூர்பாகு டின்னின் ஒரு ஓரம் நெளிந்திருக்கிறது.

அட்டைப்பெட்டி, 17 அக்டோபர், காலை 8.30

நொறுங்கிய ஜாடி டின்னை ஒட்டி இருந்ததா?

தஞ்சாவூர் வாசகி, 17 அக்டோபர், காலை 8.41

ஆமாம். நடுவில் அட்டைச் சுவர் வைத்திருந்தேன்.

அட்டைப்பெட்டி, 17 அக்டோபர், காலை 9.20

சுவர் ஒற்றை அட்டையாக இருந்தால் போதவில்லை, டின் ஜாடியின் தோளில் இடித்திருக்கிறது. அதனால்தான் மேல் அடுக்கு மட்டும் போயிற்று. அடுத்த முறை டின்னுக்குப் பதில் மைசூர்பாகையும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, சுவரை இரண்டு அட்டையாக மடித்து வையுங்கள். இல்லை, மேலே வைத்த கசங்கிய தாள் வழியில் தளர்ந்துவிட்டதா? அந்த ஜாடியை மகள் இப்போது குலுக்கினால் ஆடுகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

காரைக்குடிக் கரண்டி, 17 அக்டோபர், காலை 10.05

இரண்டு ஜாடியும் ஒரே ஈடு மாவா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது ஈட்டில் எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே சிவந்து உள்ளே வேகாமல் இருக்கும், அதுவும் இப்படித்தான் உதிரும்.

தஞ்சாவூர் வாசகி, 17 அக்டோபர், இரவு 9.30

ஈடு இரண்டுதான். எந்த ஜாடியில் எந்த ஈடு போட்டேன் என்று குறித்து வைக்கவில்லை. ஜாடி குலுக்கினால் ஆடுகிறதாம், ஆனால் அதற்குள் மாப்பிள்ளை பாதி தின்றுவிட்டார். பொங்கலுக்கு அனுப்பும்போது ஜாடி மூடியில் ஈட்டின் எண்ணை எழுதிவைக்கிறேன்.